மூணே கால் மீட்டர் மன்னிப்பு

ஏழு மீட்டர் நீளமுள்ள ஒரு கடிதத்தின் ஒரு முனையை, இந்த இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நான் நின்றிருக்கிறேன். எடை மூன்று கிலோவுக்குக் குறையாது. எழுதியவனுக்கு வயது பதினாறு. படித்தவளுக்குக் கண் தெரியாது. படித்து முடித்ததும் அவள் அதைக் கத்தரிக்கோலால் வெட்டி, ஓர் ஆள்மேல் மாட்டி, தெருவில் நடக்க விட்டாள். அந்தக் கடிதம் இன்றைக்கும் விருந்துகளுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வருகிறது.

இதைச் சொன்னால் தெருவில் எல்லாரும் தலையாட்டுவார்கள். மருந்துக்கடைக்காரர் மட்டும் ஆட்ட மாட்டார். அவர் கடை வாசலில் ஒரு பெஞ்சு உண்டு. சாயங்காலம் அதில் உட்கார்ந்துதான் நான் பொய் சொல்வது, அதாவது அவர் கணக்கில் பொய்.

"யோவ், போன மாசம் அஞ்சு மீட்டர்னு சொன்னே."

"துணி நாளாக நாளாக இழுத்துக் கொடுக்கும்யா."

"அப்போ உன் வாயும் துணிதான்" என்பார் அவர்.

என்னைப் பற்றி ஒரு வரி. போக்குவரத்து நிறுவனத்தில், காணாமல் போன பெட்டிகள் பிரிவில் முப்பத்தாறு வருஷம். பெட்டி தொலைத்த பயணிகளுக்கு 'ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறோம்' என்று எழுதுவதுதான் வேலை. நாலு லட்சம் மன்னிப்பு எழுதியிருக்கிறேன். ஒரு பெட்டிகூடத் திரும்பி வந்ததில்லை, அது வேறு விஷயம். ஆனால் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதவர்கள் உண்டு. ஒரு பெண்மணி, உங்கள் கடிதத்துக்காகவே இன்னொரு பெட்டியைத் தொலைக்கலாம் என்று பதில் போட்டாள்.

நான் குடியிருப்பது மாடியில். கீழே தையல்கடை. கடைக்குப் பின்னால் இரண்டு அறை, அதில் தையல்காரர், அவர் மனைவி, மகன், தையல்காரரின் அம்மா. கடையின் உயிர் அந்த அம்மாதான். தையல்காரர் மிஷினில் உட்காருவார், மருமகள் காஜா எடுத்துப் பொத்தான் வைப்பாள், துணியில் கத்தரி வைப்பது மட்டும் அந்த அம்மா. ஐம்பது வருஷமாக வேறு யாரும் அந்த மேஜையில் கத்தரி வைத்ததில்லை. தெருவில் அவளுக்கு இஞ்சம்மா என்று பெயர். ஆளைப் பார்த்தாலே அளவு சொல்லிவிடுவாள். நான் வாடகைக்கு வந்த அன்றைக்கு, "வாங்க, நாப்பத்திரண்டு" என்றுதான் வரவேற்றாள். இடுப்பைச் சொன்னாள், வயதை இல்லை.

அவளுக்குக் கண் கெட்டது யாருக்கும் தெரியாது, பேரனைத் தவிர.

எட்டு மாதமாக அவளுக்கு நேர்கோடு நேராகத் தெரியவில்லை. இரும்பு ஸ்கேலை வைத்து இழுத்த கோடு நடுவில் வயிறு வைத்தமாதிரி வளைந்து தெரிந்தது. எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு கட்டைவிரல் அளவுக்குப் புகை. ஓரங்கள் தெரியும். டேப்பில் இருக்கும் எண்கள் அந்தப் புகைக்குள் போய்விட்டன. பேரனிடம் மட்டும் சொன்னாள். மாதம் ஒரு தடவை பொத்தான் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு இரண்டு பேரும் பஸ் ஏறிப் போய்க் கண்ணில் ஊசி போட்டுக்கொண்டு வருவார்கள். வரும்போது நிஜமாகவே ஒரு டஜன் பொத்தானும் வாங்கி வருவார்கள். அந்த வருஷம் கடையில் பொத்தான் மலையாகக் குவிந்தது. மருமகள் சந்தேகப்படவில்லை, அலுத்துக்கொண்டாள்.

கடையில் அவர்கள் ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். இஞ்சம்மா டேப்பை ஆள்மேல் போட்டு, முடியும் இடத்தைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பிடிப்பாள். நோட்டுப் புத்தகத்தோடு நிற்கும் பேரன் குனிந்து, நகத்துக்குப் பக்கத்தில் எண்ணைப் பார்த்து, அவள் சொன்னதைத் திருப்பிச் சொல்வதுபோல மெதுவாக, "முப்பத்தெட்டரை" என்பான். அவள் "ம்" என்பாள். ஒரு தடவை காதில் விழுந்தால் போதும், அந்த எண் அவள் தலையில் ஆணி அடித்தமாதிரி இருக்கும். பார்க்கிறவனுக்கு அவள் சொல்லி அவன் எழுதுவதாகத்தான் தோன்றும். எட்டு மாதம் இந்த நாடகம் நடந்திருக்கிறது, மாடியில் இருந்த எனக்கே தெரியவில்லை. பக்கத்து வீட்டுப் பூனைக்கு எத்தனை குட்டி என்று தெரிந்துவைத்திருப்பவன் நான்.

அந்தச் சனிக்கிழமை கோட்டுக்கு அளவு கொடுக்க வந்தவர் யார் தெரியுமா? இதே மருந்துக்கடைக்காரர். மகள் பட்டம் வாங்கப் போகிறாள், அப்பாவுக்குக் கறுப்புக் கோட்டு. துணியை அவரே வாங்கி வந்திருந்தார். நானும் கடையில்தான் இருந்தேன். எனக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை, அதனால் தவறாமல் போவேன்.

தோள், முதுகு, கை, மார்பு எல்லாம் முடிந்தது. இடுப்புக்கு வரும்போது பேரனின் சட்டைப்பைக்குள் செல்போன் துடித்தது. ஒரு தடவை. இரண்டு தடவை. மூன்றாவது தடவை அவன் அதை எடுத்துப் பார்த்துச் சிரித்தான். இஞ்சம்மா நகத்தை அழுத்திக்கொண்டு காத்திருந்தாள்.

"அந்தப் பொண்ணா?" என்றாள்.

"பாட்டி..."

"போன்ல ஒளிஞ்சு ஒளிஞ்சு சிரிக்கறது என்ன பழக்கம்? அவங்க வீட்டுக்கு நேராப் போ. ஷூவைத் துடைச்சுக்கோ. அவங்க அப்பா அம்மா முன்னாடி நின்னு, நான் இன்னார் பையன்னு சொல்லு. அப்புறம் பேசு, விடிய விடியப் பேசு."

மருந்துக்கடைக்காரர் கைகளைத் தூக்கியபடியே குலுங்கிச் சிரித்தார். தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டு, "எந்தப் பொண்ணுடா?" என்றார். உண்மையைச் சொன்னால் நானும் சிரித்தேன். எல்லாரையும்விடச் சத்தமாக.

பையனுக்குக் காது சிவந்தது. நோட்டை மேஜைமேல் போட்டான்.

"டேப்ல நம்பர் தெரியாத நீங்க எனக்கு வழி காட்ட வேண்டாம். பக்கத்துல நான் நின்னு படிச்சுச் சொல்லலைன்னா இந்தக் கோட்டுக்கு ஒரு கை முழங்கால் வரைக்கும் வரும். முதல்ல உங்க கண்ணைப் பாருங்க."

சிரிப்பு நின்றது. இஞ்சம்மா நகத்தை எடுக்கவில்லை. டேப் அப்படியே மருந்துக்கடைக்காரரின் இடுப்பில் இருந்தது.

"என்னம்மா சொல்றான் இவன்?" என்றார் தையல்காரர்.

அவள் டேப்பைச் சுருட்டினாள். எப்போதும் பத்து நொடியில் சுருட்டுகிறவள், அன்றைக்கு அதற்கு ஒரு யுகம் எடுத்தாள். மருந்துக்கடைக்காரர் கைகளை மெல்ல இறக்கினார். "பரவாயில்லம்மா, அவசரம் இல்லை. வெட்ட வேண்டாம். துணி இங்கேயே இருக்கட்டும், திங்கக்கிழமை வந்து எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனார். அரை மணி நேரத்தில் தையல்காரர் யாருக்கோ போன் செய்து, செவ்வாய்க்கிழமையிலிருந்து வெட்டுவதற்கு ஓர் ஆளை ஏற்பாடு செய்தார். "நீங்க ஓய்வெடுங்கம்மா" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அதுதான் மோசம்.

மத்தியானம் பையன் மாடியேறி என்னிடம் வந்தான்.

"தாத்தா, மன்னிப்புக் கடிதம் எழுதணும். பாட்டி என்கிட்டப் பேச மாட்டேங்கறாங்க."

நாலு லட்சம் எழுதினவனிடம் வந்து நாலு லட்சத்து ஒன்றாவதைக் கேட்கிறான்! என் கை பரபரத்தது. "உக்காரு. மன்னிப்புக்கு முதல் விதி, செஞ்சதைத் தெளிவாச் சொல்லணும். மழுப்பக் கூடாது" என்றேன். அந்த விதி சரிதான். அதனால்தான் நாசமாய்ப் போனது. எட்டு மாதமாகப் பஸ்ஸில் போனது, கண்ணில் ஊசி, பொத்தான் சாக்கு எல்லாவற்றையும் அவன் அழுதுகொண்டே சொன்னான். நான் ஒன்று விடாமல் உள்ளே போட்டேன். மேலே, கீழே, ஓரத்தில் என் பங்குக்கு அலங்காரம் செய்தேன். அவன் தன் கையெழுத்தில், எறும்பு ஊர்கிறமாதிரி, ஒரே பக்கத்தில் நகல் எடுத்து அவளுடைய கத்தரிக்கோல் பெட்டிக்குள் வைத்தான்.

மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை, கத்தரிக்கோலை எடுக்கப் போனவள் கையில் காகிதம் தட்டுப்பட்டது. அவளால் படிக்க முடியாது. மடித்து இடுப்பில் செருகப் போனாள். மருமகள் பார்த்துவிட்டாள்.

"என்ன அத்தை அது? பில்லா? குடுங்க, நான் படிக்கறேன்."

படித்தாள். மேஜையைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அழகான தெளிவான குரல் அவளுக்கு. கண்ணில் ஊசி போடும் இடத்தில் தையல்காரர் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தார். "ஊசியா? கண்ணுலயா? எட்டு மாசமா? நான் உங்க மகன்தானேம்மா?" என்றார். சனிக்கிழமை வெளியே வந்தது பாதிதான். மீதியை எங்கள் கடிதம் ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து கொட்டியது.

பத்து மணிக்கு என் கதவு தட்டப்பட்டது. இஞ்சம்மா. ஒரு கையில் கடிதம், இன்னொரு கையில் குண்டூசி டப்பா.

"மாடி வீட்டுக்காரரே, இதைத் தைச்சது நீங்களா?"

"பையன்தான் எழுதினான்."

"துணி அவனுது. தையல் உங்களுது. படிங்க."

படித்தேன். 'என் சொற்கள் தங்கள் மனத்தைப் புண்படுத்தியிருந்தால்' என்ற இடத்தில், "நில்லுங்க" என்றாள். என் விரலைத் தேடிப் பிடித்து, அது நின்ற இடத்தில் ஓர் ஊசியைக் குத்தினாள். காகிதத்தில்தான் குத்தினாள். எனக்கு வலித்தது.

"புண்படுத்தியிருந்தாலா? அவனுக்குச் சந்தேகமா? மேல படிங்க."

"'கட்டுக்கடங்காத இளமையின் வேகத்தில்...'"

"அப்போ மன்னிப்புக் கேக்க வேண்டியது இளமை. அது வரட்டும், பாத்துக்கறேன்." ஓர் ஊசி.

"'தங்கள் பொன்னான அறிவுரையின் அருமை இப்போது புரிகிறது...'"

"பொய். அந்தப் பொண்ணு வீட்டுக்கு அவன் போகப் போறதில்ல. எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும்." ஓர் ஊசி.

"'தாங்களும் பிறர் முன்னிலையில் என் அந்தரங்கத்தை...'"

இங்கே அவள் ஊசியை இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டினாள்.

"அது சரி. அது என் தப்பு. ஆனா அது வேற துணி. இதோட சேத்துத் தைக்கக் கூடாது." ஓர் ஊசி.

"'கருணை உள்ளம் கொண்டு மன்னித்து, பழையபடி...'"

"இதுதான் ரொம்ப இழுக்குது. நான் என்ன செய்யணும்னு அவன் எனக்கு வேலை குடுக்கறான்."

கடைசியில் பார்த்தால் காகிதம் முள்ளம்பன்றி. இருநூறு ஊசி. டப்பா காலி. அவள் உட்காரவில்லை, டீ வேண்டாம் என்றாள்.

"அவன் சொன்னது பொய்யில்ல. எனக்கு நம்பர் தெரியல. எதிர்த்துப் பேசினான், அதுவும் பரவாயில்ல, என் மகனும் பேசினவன்தான். ஆனா நான் அவன்கிட்டக் குடுத்து வெச்சிருந்தேன். இந்த வீட்டுல வேற யார்கிட்டயும் குடுக்காம அவன்கிட்ட. அவன் அதை எடுத்தே என்னை அடிச்சான். அப்புறம் என்னால படிக்க முடியாதுன்னு தெரிஞ்ச ஒரே ஆள், எனக்குக் கடிதம் எழுதறான்."

படியிறங்கிப் போனாள். ஒவ்வொரு படியையும் காலால் தடவித் தடவி. எட்டு மாதமாக அப்படித்தான் இறங்கியிருக்கிறாள். முழங்கால் வலி என்று நினைத்திருந்தேன்.

பையனைக் கூப்பிட்டு முள்ளம்பன்றியைக் காட்டினேன். ஒவ்வோர் ஊசியையும், அது குத்தப்பட்ட காரணத்தையும் சொன்னேன். கடைசியாக அவள் சொன்னதைச் சொன்னபோது அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"உன் பாட்டி நல்லா வெட்டறாங்க" என்றேன், சும்மா ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"தாத்தா, நீங்க இனிமே எதுவும் சொல்லாதீங்க."

நியாயம்தான்.

பகல் முழுக்க அவன் அறைக்குள் ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருந்தான். மாலை நாலு மணிக்கு, மற்றவர்கள் யாரோ உறவினர் வீட்டுக்குப் போன சமயம், மேலே வந்தான். "ஒரு முனையைப் பிடிச்சுக்கணும். வாங்க. ஆனா திரும்பி நிக்கணும்."

கடையில் மருந்துக்கடைக்காரரின் கறுப்புத் துணியை வெட்டுமேஜைமேல் விரித்தான். துணியில் கோடு போடும் வெள்ளைச் சாக்பீஸை எடுத்தான். மெழுகு கலந்த சாக் இல்லை, பிரஷ் போட்டால் போய்விடும் களிமண் சாக். துணியின் அகலத்துக்குக் குறுக்கே, நாலு விரல் உயரத்துக்கு ஒவ்வோர் எழுத்தாக எழுதினான். ஒரு வரி முடிந்ததும் துணியை நகர்த்தினான். கறுப்பில் வெள்ளை, அதுவும் அவ்வளவு பெரிதாக. ஓரக்கண்ணால் பார்க்கிறவளுக்கும் புகைக்கு வெளியே எழுத்து நீட்டிக்கொண்டிருக்கும்.

நான் வாக்குக் கொடுத்தபடி திரும்பித்தான் நின்றேன். ஆனால் அந்தக் கடையில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று இருக்கிறது. முப்பத்தாறு வருஷம் கார்பன் தாளின் பின்பக்கத்தைப் பார்த்து இடவலம் மாற்றிப் படித்துப் பழகியவன் நான். கடவுள் ஒருவனைக் கெடுப்பதென்று முடிவு செய்தால் கருவிகளையும் கொடுத்துவிடுகிறார்.

பிறகு அவளைக் கூட்டி வந்தான். தொடவில்லை, முன்னால் நடந்தான். "பாட்டி, மேஜைல இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போய் நின்றான். அவள் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கோழி பார்ப்பதுபோல ஓரத்தால் பார்த்து, துணியைத் தன் பக்கம் இழுத்து இழுத்துப் படித்தாள். மறுமுனையில் நான் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்தேன்.

'பாட்டி, சனிக்கிழமை எல்லார் முன்னாடியும் உங்க கண்ணைப் பத்திச் சொன்னேன். என்கிட்ட மட்டும் சொல்லி வெச்சது அது. வாய் தவறி வரலை. எது வலிக்கும்னு தேடி எடுத்தேன். அப்புறம் உங்களால படிக்க முடியாத கடிதம் எழுதி, மறுபடியும் எல்லாருக்கும் சொன்னேன். நீங்க சொன்ன யோசனை எனக்கு இன்னும் பிடிக்கலை. வேண்டாம் பாட்டின்னு சொல்லியிருக்கலாம். டேப்ல இஞ்சுக்கு ஒரு நூல்முடிச்சு வெச்சிருக்கேன், அஞ்சுக்கு ரெண்டு, பத்துக்கு ஒரு பொத்தான். இனிமே என்னை நம்பி அளவு எடுக்க வேண்டியதில்லை. பதில் வேண்டாம். படிச்சதும் பிரஷ் போட்டுடுங்க.'

துணியின் கடைசி மடிப்பில் டேப் சுருண்டு இருந்தது. அவள் அதை எடுத்துக் கட்டைவிரலால் தடவினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்தில் நின்று, திரும்பப் போய், மறுபடி ஐந்து. அறுபது இஞ்சையும் தடவி முடித்தாள்.

"முப்பத்தேழுல முடிச்சு கொஞ்சம் தள்ளி இருக்கு" என்றாள், வாசலைப் பார்த்து.

"சரி பாட்டி" என்றான் அவன், வெளியிலிருந்து.

அவ்வளவுதான் பேச்சு. கட்டிப்பிடித்து அழுதார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவள் பிரஷை எடுத்து, அடியிலிருந்து மேலாக வரி வரியாகத் துடைத்துக்கொண்டே வந்தாள். வெள்ளைப் பொடி பறந்தது. எனக்குத் தும்மல் வந்தது. ஓரிடத்தில் பிரஷ் நின்றது. ஊசியில் வெள்ளை நூலை அவளே மூன்றாவது முயற்சியில் கோத்தாள். அந்த இடத்தில் குனிந்து என்னவோ செய்தாள். நான் நின்ற இடத்திலிருந்து கண்ணாடியில் அவள் முதுகுதான் தெரிந்தது.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு இடுப்பளவை மாத்திரம் எடுக்க மருந்துக்கடைக்கே போனாள். அவர் மாத்திரை எண்ணிக்கொண்டிருக்கும்போதே டேப்பைச் சுற்றி, தடவி, "நாப்பத்தொண்ணு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். பத்து மணிக்கு அவர் துணியை எடுத்துப்போக வந்தபோது அது பதினோரு துண்டாக மேஜைமேல் கிடந்தது.

"வெட்ட வேண்டாம்னு சொன்னேனேம்மா!"

"வெட்டின துணியைத் திருப்பிக் குடுக்கற வழக்கம் எங்க கடையில இல்லை. கோட்டா எடுத்துட்டுப் போங்க. இன்னொண்ணு. எனக்கு நடுவுல தெரியாது, ஓரம் தெரியும். என் வாயால சொல்றேன், கேட்டுக்கோங்க."

தையல்காரர் ஒவ்வொரு துண்டையும் இரும்பு ஸ்கேலால் அளந்தார். ஒரு மணி நேரம் அளந்தார். பிறகு வெளியே போய், செவ்வாய்க்கிழமை ஆள் வர வேண்டாம், இப்போதைக்கு, என்று போனில் சொன்னார்.

காலையில் அவள் வெட்டும்போது பையன் மேஜைக்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தான். அவள் அவனைக் கூப்பிடவில்லை. டேப்பில் தடவி ஒரு தடவை தப்பாக எண்ணி, மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். அவன் வாயைத் திறக்கவில்லை. உதடு வெள்ளையாகிற அளவுக்குக் கடித்துக்கொண்டிருந்தான். நடுவில் ஒரு தடவை, தலை நிமிராமலே, "அந்தப் பொண்ணு விஷயத்தை வெளி ஆள் முன்னாடி நான் பேசியிருக்கக் கூடாது" என்றாள். அதோடு சரி. ஊசி போட்டுக்கொள்ள இப்போதெல்லாம் மருமகளோடு போகிறாள். பொத்தான் வாங்குவதில்லை.

இதெல்லாம் நடந்து இரண்டு வருஷம். மருந்துக்கடைக்காரருக்குக் கோட்டில் குறையே இல்லை. "கோட்டு கோட்டுதான். கடிதம் உன் கட்டுக்கதை. நான் காசு குடுத்து வாங்கின துணியில எவன்யா எழுதுவான்?" என்பார். நான் நீளத்தை ஒரு மீட்டர் கூட்டுவேன்.

போன வாரம் அவர் கோட்டு ஆணியில் மாட்டி உள்பக்க லைனிங் முதுகில் கிழிந்துவிட்டது. தைக்கக் கொடுப்பதற்கு முன்னால் கிழிசலை விரித்துப் பார்த்திருக்கிறார். கடையைப் போட்டது போட்டபடி என் மாடிக்கு மூச்சிரைக்க ஏறி வந்தார். மேஜைமேல் கோட்டைக் கவிழ்த்து, கிழிசலுக்குள் விரலை விட்டுக் காட்டினார். முதுகுத் துண்டின் உள்பக்கம், நாலு விரல் உயரத்தில், வெள்ளை நூலில், நடுங்கின தையலில் ஒரே ஒரு சொல்.

தேடி.

அதில் மருந்துக்கடைக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது: 'எது வலிக்கும்னு தேடி எடுத்தேன்.' கோட்டைத் தூக்கிக்கொண்டு இருவரும் கீழே போனோம். பையன் கல்லூரிக்குப் போயிருந்தான். இஞ்சம்மா கிழிசலைத் தடவினாள், விரல் அந்தச் சொல்லின்மேல் வந்து நின்றது.

"இதை மட்டும் ஏம்மா விட்டு வெச்சீங்க?" என்றேன்.

"மத்ததெல்லாம் பிரஷ்ல போயிடுச்சு" என்றாள். "இது போகல."

"இன்னுமா?"

அவள் ஊசியில் நூல் கோத்து, அந்தச் சொல்லை உள்ளேயே வைத்து, லைனிங்கை மூடித் தைத்துக் கொடுத்தாள்.

தெருவில் நடக்கும்போது மருந்துக்கடைக்காரர் கோட்டை மாட்டிக்கொள்ளவில்லை. தூங்குகிற குழந்தையைத் தூக்கிப் போவதுபோல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டார்.

"ஏழு மீட்டர் இல்லய்யா" என்றார். "நான் வாங்கினது மூணே கால் மீட்டர்தான்."